அகராதியில் ஒரு சொல்லைப் படிப்பது எப்படி?



தமிழை இப்போதுதான் கற்கத் தொடங்கியிருக்கும் ஓர் இளைஞர் சென்ற மாதம் என்னிடம் வந்தார். ஜார்ஜ்டவுன் மார்க்கெட் தெருவில் அகராதி ஒன்று வாங்கியிருந்தார். ஆனால் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. "ஐயா, கதையில் ‘மேசைமேல் தூசி படிந்திருந்தது’ என்று வருகிறது. அகராதியில் ‘படி’ என்று பார்த்தேன். ‘வாசி’ என்று போட்டிருக்கிறது. தூசி எப்படி ஐயா வாசிக்கும்?" என்றார்.

அவர் செய்தது என்னவென்றால், ‘படி’ என்ற சொல் கண்ணில் பட்டதும், அதன் அருகிலிருந்த பொருளை எடுத்துக்கொண்டதுதான். பலரும் இப்படித்தான் செய்கிறோம். அந்த ஒரு சொல்லையே வைத்துக்கொண்டு இன்று பேசுகிறேன்.

அவர் வைத்திருந்தது 1992-இல் முதலில் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. 2008-இலும் 2020-இலும் அதைத் திருத்தி விரிவாக்கியிருக்கிறார்கள். அதில் ‘படி’ ஒரு முறை மட்டும் வருவதில்லை. தலையில் சிறு எண் தாங்கிய பல படிகள் தனித்தனியே நிற்கும். அந்தச் சிறு எண் பொருளின் எண் அன்று. எழுத்து ஒன்றானாலும் சொல் வேறு என்பதற்கு அடையாளம்.

அடுத்து ஒரு சுருக்கக்குறி. ‘பெ.’ என்றால் பெயர்ச்சொல். ‘வி.’ என்றால் வினைச்சொல். மாடிப்படி, அரிசி அளக்கும் படி, பயணப்படி எல்லாம் பெயர். நம் தூசியோ ஏதோ செய்கிறது, ஆகவே ‘பெ.’ இருக்கும் இடங்களை உடனே தள்ளிவிடலாம். ‘சொன்னபடி செய்தான்’ என்பதிலுள்ள படியும் இங்கே பொருந்தாது.

எஞ்சியவை இரண்டு வினைகள். இவற்றை எப்படிப் பிரிப்பது? ‘வி.’ என்பதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இரண்டு வடிவங்கள் இருக்கும். ஒன்றில் ‘படிய, படிந்து’. மற்றதில் ‘படிக்க, படித்து’. நம் வாக்கியத்தில் இருப்பது ‘படிந்து இருந்தது’. எனவே முதலாவதே நமக்கு உரியது. இளைஞர் இந்த அடைப்புக்குறியைக் கண்டும் தாண்டிவிட்டார். புதிதாகக் கற்பவருக்கு அகராதியில் இதைவிட உதவும் இடம் வேறில்லை என்பது என் எண்ணம்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் பெரிய தமிழ் லெக்சிகனில் இதே செய்தி வேறு விதமாக இருக்கும். அங்கே ‘படிதல்’ என்றும் ‘படித்தல்’ என்றும் தலைச்சொல்லிலேயே பிரித்து, ஒன்றுக்கு 4 என்றும் மற்றதற்கு 11 என்றும் எண் கொடுத்திருப்பார்கள். நான்காவது பொருள், பதினோராவது பொருள் என்று எண்ணி ஏமாந்தவர்கள் உண்டு. பயிற்சிக் கல்லூரியில் நானும் ஒருவன். அது வினை காலங்காட்டும் வகையின் எண். ‘எரிந்தது’ போல வரும் ‘படிந்தது’ 4-ஆம் வகை; ‘பார்த்தான்’ போல வரும் ‘படித்தான்’ 11-ஆம் வகை.

சரி, சொல்லைக் கண்டுபிடித்தாயிற்று. இனிதான் 1, 2, 3 என்னும் பொருள் எண்கள். தூசி மேலே தங்குவது, வாரிய தலைமுடி அடங்கி நிற்பது, ஒருவர் பேச்சுக்கு இணங்குவது ஆகிய மூன்றும் ‘படிதல்’தான். முதல் எண்ணோடு நின்றுவிடக் கூடாது. ஒவ்வொரு பொருளையும் வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள். ‘மேசைமேல் தூசி இணங்கியிருந்தது’ – ஒட்டவில்லை. ‘மேசைமேல் தூசி தங்கியிருந்தது’ – ஒட்டுகிறது. பொருளுக்குப் பின்னால் வரும் எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் படியுங்கள். அங்கே எழுவாயாகத் தூசியோ அழுக்கோ புகையோ இருந்தால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். மனிதர் எழுவாயாக இருந்தால் அடுத்த எண்ணுக்குப் போங்கள்.

சில பொருள்களுக்கு முன்னால் வழக்குக் குறிப்பு இருக்கும். ‘பே.வ.’ என்றால் பேச்சு வழக்கு. அந்தச் சொல் புரிந்துகொள்ள உதவும், தலைமையாசிரியருக்கு எழுதும் கடிதத்தில் போடத் தகாது. ‘உ.வ.’ என்றால் உயர் வழக்கு. அதைச் சந்தையில் மீன் வாங்கும்போது பேசினால் மீன்காரர் சிரிப்பார். ‘வ.வ.’ என்றால் வட்டார வழக்கு.

இந்த வட்டார வழக்கில் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். நம் தோட்டங்களில் ‘அப்பா மரம் வெட்டப் போயிருக்கிறார்’ என்று ஒரு பிள்ளை சொன்னால், ரப்பர் மரத்தில் பால் எடுக்கப் போயிருக்கிறார் என்று பொருள். தமிழ்நாட்டில் தொகுத்த அகராதியைக் கொண்டு பார்த்தால், மரத்தைச் சாய்க்கப் போனதாக ஆகிவிடும். எந்த எண்ணை வைத்துப் பார்த்தாலும் வாக்கியம் ஒட்டாவிட்டால், அந்தப் பகுதியில் வாழும் பெரியவரிடம் கேட்டு, அகராதியின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த இளைஞர் இப்போது ‘வெட்டு’க்குப் பக்கத்தில் அப்படி எழுதி வைத்திருக்கிறார். அடுத்து ‘அடை’ என்ற சொல்லோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதிலும் ‘அடைந்து’, ‘அடைத்து’ என்று இரண்டு உண்டு. தின்னும் அடை வேறு இருக்கிறது. நீங்களும் உங்கள் அகராதியில் எடுத்துப் பாருங்கள்.