துப்புரவு ஆய்வாளர் நேர்காணல்: குப்பைக் கணக்கைக் கேட்டால்…

(அரூரில் வேலைதேடும் இளைஞர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)

நேர்காணலில் விதிகளை ஒப்பித்தால் மட்டும் போதாது. "உங்க ஊர்ல எப்படிச் செய்வீங்க?" என்று கேட்பார்கள். அரூரையே வைத்துப் பார்ப்போம்.

கேள்வி: 2016 விதிகளின்படி குப்பையை எத்தனை வகையாகப் பிரிக்க வேண்டியிருந்தது?

பதில்: "2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி மூன்று வகையாகப் பிரிக்க வேண்டியிருந்தது, ஐயா. மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயகரக் கழிவு. காலாவதியான மாத்திரை, பெயின்ட் டப்பா, டியூப் லைட் எல்லாம் மூன்றாவது வகையாக இருந்தன. வீட்டிலேயே பிரித்துக் கொடுப்பதுதான் முறை."

கேள்வி: அரூரில் ஒரு நாளைக்கு எவ்வளவு குப்பை சேரும்?

இங்கேதான் பலர் திணறுவாங்க. பதில்: "மக்கள்தொகையைச் சுமார் 25,000 என்று வைத்துக்கொள்கிறேன். சிறிய ஊரில் ஒருவருக்கு நாளுக்கு 300 கிராம் என்று கணக்கிட்டால் 7,500 கிலோ, அதாவது ஏழரை டன். அதில் ஏறக்குறைய பாதி மக்கும் குப்பை."

இது மதிப்பீடுதான் என்பதையும் சொல்லிவிடுங்கள். சந்தை நாளிலும் முகூர்த்த நாளிலும் கூடும். ஒரு வாரம் தினமும் எடை போட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

கேள்வி: வளம் மீட்பு பூங்காவுக்கு ஐந்து டன்தான் வருகிறது. மீதி எங்கே?

இதுதான் உங்களை எடைபோடும் கேள்வி. "மக்கள் குறைவாகப் போடுறாங்க" என்று முடித்துவிடாதீர்கள். பதில்: "முதலில் வண்டி போகாத தெருக்களைப் பார்ப்பேன். அடுத்து, சாக்கடை, காலி மனை, எரித்த சாம்பல் இருக்கும் இடங்களைப் பார்ப்பேன். பழைய இரும்புக்கடைக்குப் போகும் அட்டை, பாட்டிலையும், மாட்டுக்குப் போகும் காய்கறிக் கழிவையும் கணக்கில் சேர்ப்பேன். அதற்குப் பிறகும் இடைவெளி இருந்தால், என் 300 கிராம் மதிப்பீட்டையே திருத்துவேன்."

கேள்வி: உரக்குவியல் நாறுகிறது என்று புகார். என்ன செய்வீர்கள்?

பதில்: "உள்ளே காற்று போகவில்லை, ஈரம் அதிகம் என்று பொருள். நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பிழிவேன். ஓரிரு சொட்டு கசிந்தால் சரி. தண்ணீர் ஒழுகினால் காய்ந்த இலைச்சருகு சேர்த்துக் கிளறச் சொல்வேன். சரியாக மக்கும் குவியலின் உள்ளே 50 முதல் 60 டிகிரி சூடு இருக்கும். சூடே ஏறவில்லை என்றால் குவியல் ரொம்பக் காய்ந்திருக்கும், அல்லது மிகச் சிறியதாக இருக்கும்."

குவியலில் பிளாஸ்டிக் கலந்திருந்தால் எந்தத் தெரு வண்டியில் வந்தது என்று பாருங்கள். அந்தத் தெருவில் மறுநாள் காலை தூய்மைப் பணியாளரோடு நீங்களும் நடக்க வேண்டும். "பணியாளரைக் கண்டிப்பேன்" என்று சொல்பவரை விட, "நானும் கூடப் போய்ப் பார்ப்பேன்" என்று சொல்பவருக்கே அந்த வேலை தெரியும்.