மாறும் வேதனமும் மூன்று எண்களும்

மாதச் சம்பளம் பெறும் ஒருவர், மாத முடிவில் தம் கைக்கு எவ்வளவு பணம் வருமென்பதை முன்கூட்டியே அறிவார். அதற்கேற்பவே வீட்டு வாடகையையும் பிள்ளைகளின் பள்ளிச் செலவையும் வகுத்துக்கொள்வார். ஆயினும், இந்தியாவின் மென்பொருள் கம்பனிகளிலும் வேறு பல பெருங் கம்பனிகளிலும் வேதனம் இரு கூறாகப் பிரிந்து நிற்கின்றது. ஒரு கூறு நிலையான வேதனம். மற்றது மாறும் வேதனம். நியமனக் கடிதத்தில் காணப்படும் ஆண்டுத் தொகையில் இவ்விரண்டும் சேர்ந்தே இருப்பது வழக்கம். ஆதலால், உறுதியாக வருவது எது, வரக்கூடியது மட்டும் எது என்ற வேறுபாடு, பணம் கைக்கு வரும் நாளிலேதான் பலருக்குத் தெரிய வருகின்றது.

மாறும் வேதனத்தின் கணக்கு மூன்று எண்களால் ஆனது. முதலாவது இலக்குத் தொகை. எல்லாம் எதிர்பார்த்தபடியே நடந்தால் ஊழியர் ஓராண்டில் பெறவேண்டிய தொகை இது. இரண்டாவது தனிநபர் பெருக்கி. ஊழியரின் வேலையை மேலதிகாரி தரம் பிரித்து மதிப்பிடுகிறார். ஒவ்வொரு தரத்துக்கும் ஓர் எண் உண்டு. நடுத்தரத்துக்கு 1, சிறந்த தரத்துக்கு 1.2, குறைந்த தரத்துக்கு 0.6 என்பதுபோல அது அமையும். மூன்றாவது கம்பனியின் சாதனைக் காரணி. கம்பனி தன் இலக்குகளை எவ்வளவு எட்டியது என்பதைக் காட்டும் எண் அது. இம்மூன்றையும் ஒன்றோடொன்று பெருக்கினால் வழங்கப்படும் தொகை கிடைக்கும்.

பெங்களூரில் பணிபுரியும் ஓர் ஊழியரை உதாரணமாகக் கொள்வோம். அவருடைய நிலையான வேதனம் ஆண்டுக்கு 1,200,000 இந்திய ரூபா. அதில் நூற்றுக்கு 10 வீதம், அதாவது 120,000 ரூபா, அவருடைய இலக்குத் தொகை. அவ்வாண்டு அவருக்குச் சிறந்த தரம் கிடைத்தது. 120,000ஐ 1.2ஆற் பெருக்கினால் 144,000 ரூபா. அவர் அத்தொகையை நம்பி மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஒழுங்கு செய்கிறார். ஆனால் அவ்வாண்டின் கம்பனிக் காரணி 0.7. ஆகவே அவர் பெறுவது 144,000 அன்று. 100,800 ரூபா மட்டுமே. சிறந்த ஊழியர் என்று மதிக்கப்பட்டவர், இலக்குத் தொகையைக்கூட முழுமையாகப் பெறவில்லை.

இங்கே சிலர் வேறு விதமாகக் கணக்கிடுவதுண்டு. தமது தரத்தால் 20 வீதம் கூடியது, கம்பனியால் 30 வீதம் குறைந்தது, ஆகவே மொத்தத்தில் 10 வீதமே குறைவு, 108,000 ரூபா வரவேண்டும் என்பர். இது பிழையான கணக்கு. கம்பனிக் காரணி, இலக்குத் தொகையை மட்டுமன்றி, உழைப்பால் ஈட்டிய அந்த மேலதிக 20 வீதத்தையும் சேர்த்தே குறைக்கின்றது. கம்பனிக் காரணி பூச்சியமானால், தரம் எவ்வளவு உயர்ந்ததாயினும் வருவது பூச்சியமே.

எல்லாக் கம்பனிகளும் பெருக்கல் முறையையே கையாள்வதில்லை. சில கம்பனிகள் இலக்குத் தொகையை இரு பாதியாகப் பிரித்து, ஒரு பாதியைத் தனிநபர் தரத்தோடும், மறு பாதியைக் கம்பனியின் சாதனையோடும் இணைத்துப் பின்னர் கூட்டுகின்றன. மேற்கூறிய ஊழியருக்கு அவ்வாறு கணக்கிட்டால், ஒரு பாதிக்கு 72,000 ரூபாவும் மறு பாதிக்கு 42,000 ரூபாவுமாக 114,000 ரூபா வரும். எண்கள் அவையே; முறை மட்டும் மாறியது. அதனால் 13,200 ரூபா வேறுபாடு உண்டாயிற்று. எனவே தமது கம்பனி பெருக்குகின்றதா, கூட்டுகின்றதா என்பதே ஊழியர் முதலில் அறியவேண்டியது.

இனி, 0.7 என்ற காரணி எங்கிருந்து வந்தது? கம்பனி தன் இலக்கில் நூற்றுக்கு 70ஐத்தான் எட்டியது என்று பலர் கருதுவர். பெரும்பாலும் அப்படியன்று. சாதனை வேறு, காரணி வேறு. இரண்டுக்கும் இடையே ஓர் அட்டவணை நிற்கின்றது. இலக்கை முழுமையாக எட்டினால் காரணி 1 எனவும், நூற்றுக்கு 90ஐ எட்டினால் 0.5 எனவும், அதற்கும் கீழே போனால் ஒன்றுமே இல்லை எனவும் ஓர் அட்டவணை இருப்பதாகக் கொள்வோம். இடையில் ஒவ்வொரு வீதம் குறையும்போதும் காரணி 0.05 குறையும். அவ்வாறாயின், நூற்றுக்கு 94ஐ எட்டிய கம்பனியின் காரணி 0.7. இலக்குக்கு 6 வீதம் குறைந்ததற்காக, ஊழியரின் தொகை 30 வீதம் குறைந்துவிடுகின்றது.

எந்தச் சாதனை அளக்கப்படுகின்றது என்பதும் கவனிக்கத் தக்கது. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் யூன் வரையான காலாண்டில் இன்போசிஸ் கம்பனியின் வருமானம் முந்திய ஆண்டைவிட நன்கு வளர்ந்திருந்தது. ஆனால் இலாப வீதம் சுருங்கியிருந்தது. அக்காலாண்டுக்கு ஊழியர்களுக்குச் சராசரியாக நூற்றுக்கு 70 அளவே மாறும் வேதனம் வழங்கப்படுவதாக அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் செய்திகள் வெளிவந்தன. வியாபாரம் பெருகுவதைக் கண்ணாற் காணும் ஊழியர், தம் பங்கும் பெருகுமென எதிர்பார்ப்பது இயல்பு. ஆயினும் வளர்ச்சியும் இலாபமும் எப்போதும் ஒரே திசையிற் செல்வதில்லை.

தனிநபர் பெருக்கியிலும் ஒரு நுட்பம் உண்டு. பத்துப்பேர் கொண்ட ஒரு பிரிவில் ஒவ்வொருவரின் இலக்குத் தொகையும் 120,000 ரூபா என்றால், அப்பிரிவுக்கு ஒதுக்கப்படும் மொத்தம், கம்பனிக் காரணிக்கு முன்னர், 1,200,000 ரூபா. இருவருக்கு 1.2, எழுவருக்கு 1, ஒருவருக்கு 0.6 என்று கொடுத்தால் கூட்டுத்தொகை சரியாகப் பத்து. ஒதுக்கிய பணம் போதும். முகாமையாளர் தாராள மனத்தோடு நால்வருக்கு 1.2ம் ஐவருக்கு 1ம் கொடுத்தால், கூட்டுத்தொகை 10.4 ஆகிவிடும். மேலதிகப் பணம் இல்லாதவிடத்து இரண்டிலொன்று நிகழும். ஒன்றில், மேலிடம் சிலருடைய தரத்தைக் குறைக்கும். அன்றேல் எல்லாருடைய பெருக்கியும் 1.04ஆல் வகுக்கப்படும், 1.2 என்பது ஏறத்தாழ 1.15 ஆகும். உயர்ந்த தரம் பெற்றவரின் கடிதத்தில் எதிர்பார்த்ததிலும் சிறிது குறைந்த பெருக்கி காணப்பட்டால், காரணம் பெரும்பாலும் இதுவே.

இறுதியாக, இலக்குத் தொகையும் எல்லாருக்கும் முழுமையானதன்று. ஏப்ரலில் தொடங்கும் கணக்காண்டில் யூலை முதலாந் திகதி வேலையிற் சேர்ந்தவருக்கு ஒன்பது மாதங்களே கணக்கிலுண்டு. அவருடைய இலக்கு 120,000 அன்று, 90,000. மேற்சொன்ன அதே தரமும் காரணியும் கொண்டு அவர் பெறுவது 75,600 ரூபா. இடையிற் சம்பள உயர்வு பெற்றவருக்குச் சில கம்பனிகள் ஆண்டு முடிவிலுள்ள சம்பளத்தையும், சில அவ்வாண்டில் உண்மையாகப் பெற்ற சம்பளத்தையும் அடிப்படையாகக் கொள்கின்றன. பணம் வழங்கும் நாளில் ஊழியர் சேவையில் இருக்கவேண்டுமென்ற நிபந்தனையும் பல இடங்களில் உண்டு. அந்நாளுக்கு ஒரு வாரம் முன்னர் விலகியவர், ஓராண்டு உழைத்தும் முழுவதையும் இழக்கக்கூடும்.

தொகை குறைந்துவிட்டதென்று எண்ணும் ஊழியர், வங்கியில் விழுந்த பணத்தை வைத்து வாதிடுதல் பயனற்றது. அதில் வருமான வரி முன்னரே கழிக்கப்பட்டிருக்கும். வரிக்கு முந்திய தொகையை எடுத்து, அதை இலக்குத் தொகையால் வகுத்துப் பார்க்கவேண்டும். மேற்கூறிய ஊழியருக்கு விடை 0.84. அதை மீண்டும் தமது பெருக்கியான 1.2ஆல் வகுத்தால் 0.7 வரும். அது கம்பனி அறிவித்த காரணியோடு ஒத்திருந்தால் கணக்கு சரி. ஒவ்வாதிருந்தால், இலக்குத் தொகையிலோ பெருக்கியிலோ மாற்றம் செய்யப்பட்டிருக்கின்றது. எதில், எதனால் என்று எழுத்து மூலம் கேட்பதற்கு அவருக்கு அப்போது தக்க ஆதாரம் இருக்கும். கல்லூரிக் கட்டணத்துக்கு ஒழுங்கு செய்பவரோ, காரணி அறிவிக்கப்படும் வரை மாறும் வேதனத்தைக் கையிலுள்ள பணமாகக் கொள்ளாதிருப்பதே தகும்.