படம் பிடித்த பேச்சு எங்கே போகிறது?

(தோட்ட வாழ்க்கை பற்றிப் படக்கருவியின் முன் பேட்டி கொடுத்த பெரியவர்களிடையே, பத்து பெரண்டாமில் ஆய்வாளர் ஒருவர் ஆற்றிய உரை)



நீங்கள் மணிக்கணக்காகப் பேசினீர்கள்; நாங்கள் படம் பிடித்தோம். அதன் பிறகு உங்களில் பலரும் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். "தம்பி, இதை யார் பார்ப்பார்கள்? எங்கே வைப்பீர்கள்?" என்பதுதான் அந்தக் கேள்வி. கேட்டவர்களுக்கு விடை சொல்வது எங்கள் கடமை. ஆகவே பேட்டி முடிந்த நேரத்திலிருந்து அது காப்பகத்தில் அடங்கும் வரை நடப்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். எங்களால் காப்பாற்ற முடியாத வாக்குறுதி எது என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

முதல் நாள் வேலை

படக்கருவிக்குள் விரல்நகம் அளவில் ஓர் அட்டை இருக்கிறது. உங்கள் முகமும் குரலும் முதலில் அதில்தான் பதிகின்றன. அன்று மாலையே அதிலுள்ளதை இரண்டு தனித்தனி வட்டுகளில் நகல் எடுக்கிறோம். இரண்டையும் ஓட்டிப் பார்த்து, படமும் ஒலியும் சரியாக இருக்கின்றன என்று தெரிந்த பிறகே அட்டையைத் துடைக்கிறோம்.

நகல்களின் மேல் உங்கள் பெயர் இருக்காது. ஓர் எண் மட்டும் இருக்கும். எந்த எண் யாருடையது என்ற பட்டியலைத் தனியே பூட்டி வைக்கிறோம். ஆனால் இதை நம்பி ஏமாந்துவிடாதீர்கள். எழுத்துப் பேட்டியில் பெயரை மறைத்தால் ஆளை மறைக்கலாம். படப்பதிவில் முகமே பெயர், குரலே கையெழுத்து. உங்கள் தோட்டத்துக்காரர் ஒருவர் பார்த்தால் ஒரு நொடியில் இன்னார் என்று சொல்லிவிடுவார். ஆகவே எண் போடுவது வட்டைக் கண்டெடுத்தவனிடமிருந்து காக்குமே தவிர, உங்களைத் தெரிந்தவரிடமிருந்து காக்காது.

பேச்சு எழுத்தாகும் விதம்

அடுத்தது பேச்சை எழுத்தில் இறக்குவது. ஒரு மணி நேரப் பேச்சை எழுத நான்கு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும். தோட்டத்துப் பேச்சானால் இன்னும் கூடும். எழுதுகிறவர் சில வார்த்தைகளைக் கேட்பார், நிறுத்துவார், எழுதுவார். மறுபடி பின்னால் போய்க் கேட்பார்.

உங்கள் பேச்சை நாங்கள் மேடைத் தமிழாக்க மாட்டோம். "போயிரணும்" என்று சொன்னால் "போய்விட வேண்டும்" என்று திருத்த மாட்டோம். மலாய்ச் சொல், தெலுங்குச் சொல், மலையாளச் சொல் எது வந்தாலும் வந்தபடியே தமிழ் எழுத்தில் இருக்கும். அழுதால் "அழுகிறார்" என்றும், நெடுநேரம் பேசாதிருந்தால் "மௌனம்" என்றும் அடைப்புக்குள் குறிப்போம். காதில் விழாத இடத்தில் ஊகித்து எழுதக் கூடாது. "தெளிவில்லை" என்று எழுதி, அது எத்தனையாவது நிமிடம் என்பதைப் பக்கத்தில் போடவேண்டும்.

தவறு எப்படி நேரும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஓர் அம்மா இப்படிப் பேசுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: "விடியறதுக்கு முன்னாடி பெரட்டுக்குப் போயிரணும். பேர் கூப்பிட்டு வேல பிரிப்பாங்க. அப்புறம் மங்கத் தொடச்சி வச்சிட்டு மரம் வெட்டுவோம்." தோட்டத்தைக் கண்டறியாத ஒருவர் இதை எழுதினால் என்ன ஆகும்? பெரட்டு என்ற சொல் அவருக்குத் தெரியாது. "புரட்டுக்குப் போயிரணும்" என்று எழுதுவார். வேலைக்குப் பெயர் கொடுக்கப் போன அம்மா பொய் பித்தலாட்டத்துக்குப் போனவராகிவிடுவார்! பால் பிடிக்கும் மங்கு, மங்கையாகிவிடும். "மரம் வெட்டுவோம்" என்பதைப் படித்துவிட்டு, நீங்கள் காட்டையே சாய்த்தீர்கள் என்று எண்ணுவார்.

இதற்காகத்தான் முதலில் எழுதியவர் ஒருவராகவும், ஒலியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறவர் தோட்டத்தில் வளர்ந்த இன்னொருவராகவும் இருக்க வேண்டும் என்பது எங்கள் விதி. சொல்லைத் திருத்திய பிறகு, கடைசிப் பக்கத்தில் சொற்பட்டியல் ஒன்று சேர்க்கிறோம். மங்கு என்றால் பால் கிண்ணம், மரம் வெட்டுதல் என்றால் பால் எடுக்கப் பட்டையைச் சீவுதல் என்று அதில் இருக்கும்.

மூன்றாவதாகச் சரிபார்ப்பவர் நீங்கள். எழுத்துப்படி அச்சாகி உங்கள் வீட்டுக்கு வரும். படிக்க முடியாதவர்களுக்கு நாங்களே வந்து வாசித்துக் காட்டுவோம். நாங்கள் தவறாகக் கேட்டிருந்தால் அதைத் திருத்துவோம். நீங்களே ஆண்டை மாற்றிச் சொல்லியிருந்தால், படத்தில் உள்ளதை மாற்ற முடியாது. "பேசியவர் பின்னர் இவ்வாறு திருத்தினார்" என்று ஓரத்தில் குறிப்பு எழுதுவோம். இந்த இரண்டு திருத்தத்தையும் கலந்துவிட்டால், பின்னால் பார்க்கிறவருக்கு எழுத்து ஒன்றும் குரல் ஒன்றுமாகத் தோன்றி இரண்டிலும் நம்பிக்கை போய்விடும்.

அடுத்தவர் பெயர் வரும்போது

இப்போது சிக்கலான இடத்துக்கு வருகிறேன். ஜப்பானியர் காலத்தில் நம் தோட்டத்து மக்களைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. போனவர்களில் திரும்பாதவர்கள் ஏராளம். அவர்கள் பிள்ளைகள் தகப்பனார் சொன்னதை இன்று நமக்குச் சொல்கிறார்கள்.

அப்படிப் பேசும் ஒருவர், "எங்கப்பா பேரை எழுதிக் கொடுத்தது இன்ன கங்காணிதான்" என்று பெயரைச் சொல்லிவிடுகிறார் என்று கொள்வோம். அந்தக் கங்காணியின் பேரப்பிள்ளைகள் பக்கத்துத் தாமானில் குடியிருக்கலாம். சொன்னவருக்கு அது தகப்பனைப் பறிகொடுத்த துயரம். கேட்கிற பேரப்பிள்ளைக்கு, மறுத்துப் பேச அவர் தாத்தா உயிரோடு இல்லை. இந்த இடத்தில் என்ன செய்வது?

முடிவு பேசியவருடையது. மூன்று வழிகள் உண்டு. சொன்னபடியே திறந்து வைக்கலாம். அல்லது பெயரை மட்டும் மறைக்கலாம். எழுத்தில் "ஒரு கங்காணி" என்று வரும், பொதுமக்கள் பார்க்கும் படத்தில் அந்தச் சொல் வரும்போது ஒலி நின்றுவிடும். அல்லது 23-ஆவது நிமிடம் முதல் 25-ஆவது நிமிடம் வரை என்று குறித்து, அந்தப் பகுதியை இத்தனை ஆண்டுக்குத் திறக்கக் கூடாது என்று பூட்டலாம். பிந்திய இரண்டு வழியிலும் மூலப் படத்தை வெட்டுவதில்லை. மூலம் முழுதாக இருக்கும்; பார்வைக்கு வைக்கும் நகலில்தான் வெட்டு.

எங்களால் கொடுக்க முடியாத வாக்கு

"பூட்டினால் யாராலும் திறக்க முடியாதா?" என்று கேட்பீர்கள். அப்படி வாக்குக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி 2001 முதல் 2006 வரை வட அயர்லாந்தின் ஆயுதப் போராட்டத்தில் இருந்தவர்களைப் பேட்டி கண்டு பதிவு செய்து வைத்தது. உங்கள் மரணத்துக்குப் பிறகுதான் வெளிவரும் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. "அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு" என்ற வரம்பு கல்லூரி திட்ட இயக்குநரோடு செய்த ஒப்பந்தத்தில் இருந்தது. பேசியவர்கள் கையெழுத்திட்ட தாளில் அது இல்லை.

2011-ல், பழைய கொலை வழக்கு ஒன்றின் விசாரணைக்காகப் பிரிட்டிஷ் அரசு கேட்டுக்கொள்ள, பதிவுகளை ஒப்படைக்கும்படி கல்லூரிக்கு உத்தரவு வந்தது. வழக்காடிப் பார்த்தும் சில பதிவுகள் 2013-ல் வட அயர்லாந்துப் போலீசார் கைக்குப் போயின. 2014-ல் கல்லூரி, விரும்புகிறவர்களுக்கு அவரவர் பதிவைத் திருப்பித் தருவதாக அறிவித்தது.

நம் நாட்டிலும் நீதிமன்றம் கேட்டால் பூட்டிய பெட்டியைத் திறக்கத்தான் வேண்டும். 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்றால், அது வணிகக் கொடுக்கல் வாங்கலுக்காக ஏற்பட்ட சட்டம். உங்கள் பேட்டிக்கு அதையே கேடயமாக நம்ப முடியாது. உங்களுக்குப் பிடி, நீங்கள் கையெழுத்திட்ட தாள்தான். அதில் இந்த வரம்பை எழுதியிருக்கிறோம்.

ஆகையால் ஒன்று சொல்வேன். எவர் காதிலும் விழக் கூடாத செய்தி ஏதாவது பேசியிருந்தால், பூட்டச் சொல்லாதீர்கள், அழிக்கச் சொல்லுங்கள். காப்பகத்தில் ஒப்படைக்கும் நாள் வரை மூலத்திலிருந்தே அழித்துவிடலாம். பேட்டி முழுவதையும் திரும்பப் பெறலாம். காரணம் கேட்க மாட்டோம். வெளியே போன பிறகு கேட்டால் எங்களிடமுள்ளதை நிறுத்தலாம். பிறர் எடுத்துக்கொண்ட நகலை மீட்க முடியாது.

வைத்துக் காப்பது

கடைசியாக, சேமிப்பு. நல்ல தரத்தில் எடுத்த ஒரு மணி நேரப் படம் சுமார் 10 கிகாபைட் இடம் பிடிக்கும். அதை வைக்கும் வட்டு சாகும் பொருள். சில ஆண்டுகளில், சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். ஆகவே மூன்று நகல்கள், இரண்டு வேறு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறோர் ஊரில் என்று வைக்கிறோம். ஒரு கட்டடத்தில் வெள்ளமோ தீயோ வந்தாலும் மற்றொன்று பிழைக்கும்.

வட்டு ஓடினாலும் உள்ளே சிறிது கெட்டிருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. இதைக் கண்டுபிடிக்கும் முறை கிராணிமார்களுக்கு எளிதில் விளங்கும். செக்ரோலில் ஒரு நாள் பெயர் மாறினாலும் மாதக் கூட்டுத்தொகை உதைக்கும் அல்லவா? அதுபோல் ஒவ்வொரு படத்துக்கும் கணினி ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிடும். படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். ஆண்டுக்கு ஒரு முறை எண்ணை மீண்டும் கணக்கிட்டு, பழைய எண்ணோடு ஒத்துப் பார்க்கிறோம். ஒத்துவராத நகலை எறிந்துவிட்டு, நல்ல நகலிலிருந்து புதிது எடுக்கிறோம்.

எழுத்துப்படிக்கும் ஆபத்து உண்டு. முன்பு கணினியில் தமிழை அடிக்க ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் இன்று திறந்தால், தமிழ் இருந்த இடத்தில் புரியாத குறிகள்தான் தெரிகின்றன. நாங்கள் உலகப் பொதுமுறையான யூனிகோட்டில் அடிக்கிறோம். தாளிலும் ஒரு படி அச்சிட்டு வைக்கிறோம். மின்சாரம் இல்லாமலும் தாளைப் படிக்கலாம்.

பெரியவர்களே, எழுத்துப்படி உங்கள் கைக்கு வரும்போது அலமாரியில் வைத்துவிடாதீர்கள். மகனையோ பேத்தியையோ பக்கத்தில் உட்கார்த்தி வாசிக்கச் சொல்லுங்கள். அடுத்தவர் பெயர் வருமிடத்தில் நிறுத்தி யோசியுங்கள். திறக்கலாமா, மறைக்கலாமா, பூட்டலாமா, அழிக்கலாமா என்று ஓரத்தில் எழுதுங்கள். ஒப்பந்தத் தாளின் உங்கள் படியை அடையாள அட்டையோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் பதில் வராமல் எந்தப் பேட்டியும் காப்பகத்துக்குப் போகாது.