கிறுக்கல் அல்ல, உழைப்பாளியின் பேச்சு!

(அருப்புக்கோட்டைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் காட்டில் மழை பொய்த்தால் நம் பிள்ளைகள் திருப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். அங்கிருந்து அவர்கள் கைபேசியில் அனுப்பும் செய்தி இப்படித்தான் இருக்கும்:

```
anne kuli kudukala
naalaiku varala
```

ஆங்கிலம் படித்த வெளியூர் அதிகாரி இதைப் பார்த்தால் "ஏதோ உளறல்" என்று ஒதுக்கிவிடுவார். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்: "அண்ணே, கூலி குடுக்கல. நாளைக்கு வரல." இது ஒரு கூலிப் புகார், ஒரு வேலை நிறுத்த அறிவிப்பு!

இந்தப் பழக்கம் ஏன் வந்தது? மோகத்தால் மட்டுமா? இல்லை. பழைய கைபேசிகள் பலவற்றில் தமிழ் எழுத்தே கிடையாது. தமிழில் அனுப்பினால் கட்டம் கட்டமாகத் தெரியும். மேலும், ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்து 160 அடங்கும். தமிழானால் 70 தான். அதிலும் "கூ" என்ற ஓரெழுத்து இரண்டாகக் கணக்காகும். செய்தி நீண்டால் இரண்டு செய்திக்குக் காசு. ஆகவே, காசும் கருவியும் வகுத்த வழி இது.

வழி புதிதுமல்ல. 1554-ல் லிஸ்பன் நகரில் அச்சான கிறிஸ்தவ வினாவிடை நூலில் தமிழ் முழுவதும் ரோமன் எழுத்திலேயே இருந்தது. தமிழ் எழுத்தில் அச்சான நூல் 1578-ல்தான் கொல்லத்தில் வந்தது.

சரி, உளறலையும் பேச்சையும் எப்படிப் பிரித்தறிவது? சொல்லின் வாலைப் பார்க்க வேண்டும். "ல", "க்கு", "உம்", "ங்க" என்ற விகுதிகள் திரும்பத் திரும்ப வரும். கண்டபடி தட்டிய எழுத்தில் அந்த ஒழுங்கு இராது.

ஆனால் குறையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. "kuli" என்றால் குளியா, குழியா, கூலியா? நெடிலுக்கும் குறிலுக்கும் ஒரே எழுத்து. ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே எழுத்து. இங்கே "குடுக்கல" என்ற அடுத்த சொல்தான் தீர்ப்புச் சொல்கிறது: குளியையும் குழியையும் யாரும் கொடுப்பதில்லை. அதுபோல "mala peyyala" என்றால் மலை பெய்யாது, ஆகவே மழைதான். நம் ஊரில் பலர் வாயில் ழகரம் ளகரமாகத்தான் ஒலிக்கிறது; காதில் விழுந்தபடி தட்டுகிறார்கள்.

துணைச் சொல் இல்லாவிட்டால்தான் ஆபத்து. "varala" என்று மட்டும் வந்தால், வராதது யார்? ஆளா, கூலியா? இதை ஊகிக்கக் கூடாது; திருப்பிக் கேட்க வேண்டும்.

ஆகவே தோழர்களே, கூலி, தேதி, ஆள் பெயர் பற்றிய செய்தியானால் நெடிலை இரட்டித்து "kooli" என்று தட்டச் சொல்லுங்கள். அதைப் புகாராகக் கொடுக்கும்போது, வந்த செய்தியை வந்தபடியே வைத்து, பக்கத்தில் தமிழ் எழுத்தில் எழுதி, அனுப்பியவரிடம் படித்துக் காட்டி ஒப்புதல் பெறுங்கள். அப்போது "புரியவில்லை" என்று எந்த முதலாளியும் தப்ப முடியாது!