முதல் இரண்டு வாக்கியங்கள்

சாக்கோட்டை வட்டாரத்துப் பள்ளிப் பிள்ளைகளைப் பேச்சுப் போட்டிக்குத் தயார் செய்வது என் வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்த வேலை. காந்தி பிறந்த நாள், நேரு பிறந்த நாள் என்று போட்டிகள் வரும்போதெல்லாம் பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒன்றைத்தான்: “ஐயா, மேடை ஏறினதும் எல்லாம் மறந்துபோகுது, என்ன செய்யலாம்?” நான் சொல்லும் பதில், “முதல் இரண்டு வாக்கியத்தை மட்டும் எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய். மற்றதைச் செய்யாதே.”

ஏன் இரண்டு மட்டும்? பேசுகிறவருக்கு நெஞ்சு மிக வேகமாக அடிப்பது, எழுந்து நின்று வாயைத் திறக்கிற அந்த முதல் அரை நிமிடத்தில்தான். பேச்சு ஓடத் தொடங்கியதும் படபடப்பு தானாக இறங்கும். அந்த அரை நிமிடத்தில் புதிதாக ஒரு வாக்கியத்தை யோசித்துக் கட்டுவது மிகவும் கடினம். ஆனால் நாக்குக்கு நன்றாகப் பழகிப்போன வாக்கியம் அப்போதும் வரும். பேச்சு முழுவதையும் மனப்பாடம் செய்தால் நடுவில் ஒரு சொல் நழுவினாலும் பிள்ளை அதைத் தேடிக்கொண்டு நின்றுவிடும். அதனால் தொடக்கம் மட்டும் மனப்பாடம், பிறகு குறிப்புகள்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் கதை காந்தியடிகளுடையது. அவரே ‘சத்திய சோதனை’யில் எழுதியிருப்பது. 1891-இல் சட்டப் படிப்பை முடித்து லண்டனிலிருந்து ஊர் திரும்பும் முன், ஹால்பர்ன் உணவு விடுதியில் சைவ நண்பர்களுக்கு விருந்து கொடுத்தார். சில வாக்கியங்களே கொண்ட சின்னப் பேச்சைக் கவனமாக யோசித்து வைத்திருந்தார். அடிசன் என்ற ஆங்கில எழுத்தாளர் நாடாளுமன்றத்தில் முதன்முறை பேச எழுந்து, ஒரே சொல்லை மூன்று முறை சொல்லிவிட்டு மேலே போக முடியாமல் நின்ற வேடிக்கைக் கதை. அதை வைத்தே நகைச்சுவையாகப் பேசலாம் என்று திட்டம். எழுந்தார், கதையைத் தொடங்கினார், முதல் வாக்கியத்தைத் தாண்ட முடியவில்லை. நினைவு முற்றாக அற்றுப்போனது. “என் அழைப்பை ஏற்று வந்ததற்கு நன்றி” என்று சட்டென்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள், நேயர்களே. யோசித்து வைத்த கதை வரவில்லை, நன்றி சொல்லும் வாக்கியம் மட்டும் தடையில்லாமல் வந்துவிட்டது, பார்த்தீர்களா? விருந்துக்கு அழைத்தவர் யாருக்கும் நாவில் ஊறிய வாக்கியம் அது. அந்த நன்றியை முதலில் வைத்து, கதைக்குள் நுழைகிற வாக்கியத்தை இரண்டாவதாக உறுதி செய்திருந்தால், அன்று அவர் பேசி முடித்திருப்பார் என்பது என் எண்ணம். முதல் வாக்கியம் நம்மை நிற்க வைக்கும். இரண்டாவது வாக்கியம்தான் நடக்க வைக்கும். முதலாவதை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை, அது முடிந்ததும் வெறும் வெளியைப் பார்த்து நிற்கும்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சா. கணேசன் 1939-இல் கம்பன் கழகத்தைத் தொடங்கிய காரைக்குடி எங்களுக்குப் பக்கம். அங்கே பெரிய பேச்சாளர்களைக் கேட்டு வளரும் பிள்ளைகள், அவர்களைப் போலவே நீளமாகத் தொடங்க ஆசைப்படுவார்கள். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ‘நீர்நிலைகளைக் காப்போம்’ என்ற தலைப்புக்கு எழுதி வந்த முதல் வாக்கியத்தைக் கேளுங்கள். “வானம் பார்த்த பூமியாகிய நம் சிவகங்கை மாவட்டத்தில் முன்னோர்கள் தொலைநோக்கோடு வெட்டி வைத்த ஊருணிகளையும் கண்மாய்களையும் இன்றைய தலைமுறையாகிய நாம் பேணிக் காக்க வேண்டியதன் அவசியத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.” எழுத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். பயத்தில் மூச்சு மேலோட்டமாக ஓடும்போது, ‘கண்மாய்களையும்’ வருவதற்குள் அவளுக்கு மூச்சு தீர்ந்துவிட்டது. வினைச்சொல் இன்னும் எங்கேயோ இருந்தது.

“உங்க ஊர் ஊருணியைப் பத்தி அப்பத்தா என்னம்மா சொல்வாங்க?” என்று கேட்டேன். அவள் சொன்னதையே கொஞ்சம் திருத்தி இரண்டு வாக்கியமாக்கினோம். “எங்கள் ஊரில் குடிதண்ணீருக்கென்றே ஓர் ஊருணி உண்டு. அந்தத் தண்ணீரில் யாரும் கால் வைக்க மாட்டார்கள்.” ஒவ்வொன்றும் ஒரே மூச்சில் முடிகிறது. இரண்டாவதைக் கேட்டதும் ‘ஏன்?’ என்று கூட்டமே மனதுக்குள் கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில்தான் மூன்றாவது வாக்கியம். அதை அவள் மனப்பாடம் செய்யவே தேவையில்லை. மழைநீர் வரத்துக்கால் வழியாக வந்து சேர்வதையும், துணி துவைக்க வேறு குளம் இருப்பதையும் அவள் பார்த்தே வளர்ந்தவள்.

முதல் வாக்கியத்தில் ‘உண்டு’ என்று வைத்தால் கடைசிவரை ‘உண்டு’தான். ஒருநாள் ‘உண்டு’, ஒருநாள் ‘இருக்கிறது’ என்று சொல்லிப் பழகினால், மேடையில் நாக்கு இரண்டுக்கும் நடுவில் தடுமாறும். பயத்தில் வாய் உலர்ந்துவிடும் என்பதால் ழகரமும் ளகரமும் அடுத்தடுத்து வரும் சொற்களை இந்த இரண்டு வாக்கியங்களில் மட்டும் தவிர்த்துவிடுங்கள். பேச்சின் நடுவில் எவ்வளவு வேண்டுமானாலும் வரட்டும்.

அவையோரை விளிப்பதையும் மறக்கக் கூடாது. “அவைத்தலைவர் அவர்களே, நடுவர் பெருமக்களே” என்று பெயர் பெயராக அடுக்கும்போதுதான் பாதிப் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். ஒரு பெயர் விட்டுப்போனால் அதே நினைப்பில் தொடக்கமும் போய்விடும். “அவையோர் அனைவருக்கும் வணக்கம்” போதும். சொல்லிவிட்டு உள்ளே இருக்கிற மூச்சை முழுதும் வெளியே விட்டு, புது மூச்சு எடுத்து, பிறகு முதல் வாக்கியம்.

மனப்பாடமாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்? புத்தகத்தைப் பார்த்து முணுமுணுப்பது கணக்கில்லை. வாசல் கூட்டிக்கொண்டிருக்கும்போது, கடையில் மீதிச் சில்லறை எண்ணும்போது, “எங்கே, சொல்லு” என்று திடீரென்று கேளுங்கள். சில்லறைக் கணக்கும் தவறாமல், வாக்கியமும் தவறாமல் வந்தால் ஆயிற்று. “ம்ம்…” என்று மேலே பார்த்தால் இன்னும் ஆகவில்லை. போட்டிக்கு முன்பு, நாற்காலியிலிருந்து எழுந்து நடந்து போய் நின்று சொல்லிப் பார்ப்பதும் அவசியம்.

ஒன்று மட்டும் இதனால் ஆகாது. பேச வேண்டிய விஷயமே தெரியாதவரை இந்த இரண்டு வாக்கியங்கள் காப்பாற்றாது. அரை நிமிடம் நன்றாகப் பேசிவிட்டு அங்கேயே நின்றுவிடுவார்.

நேரம் நெருங்கிவிட்டது, நேயர்களே. பிள்ளை மேடை ஏறப்போகிறதென்றால் ஒரே மூச்சில் முடியும் இரண்டு வாக்கியங்களை அதன் வாயிலிருந்தே எடுத்து, மாற்றாமல் பழக்குங்கள். போட்டியன்று முதல் வரிசையில் உட்கார்ந்து உதட்டை அசைத்து எடுத்துக்கொடுக்காதீர்கள். பிள்ளை உங்கள் வாயைப் பார்க்கத் தொடங்கினால் தன் வாக்கியத்தை விட்டுவிடும். கடைசி வரிசைக்குப் போய் உட்காருங்கள்.