பாற்கடலும் பால்மரமும்

ஏன், எப்படி எழுதுகிறோம் என்பதைக் கவிதையாக்கப் புகுவோர் அறிவுரையில் வழுக்கி விழுவதைக் காண்கிறோம். கம்பர் வழுக்கவில்லை. தம் அவையடக்கத்தில், பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையோடு தம்மை ஒப்பிட்டார். ஏன் என்பதற்கு விடை, ஆசை. எப்படி என்பதற்கு விடை, அச்சிறு நாக்கு. பிற கவிஞர்க்கு அவர் கடமை வகுக்கவில்லை.

ஜொகூர்த் தோட்டங்களில் பால்மரம் சீவுவோரை நாம் அறிவோம். கத்தி மிக ஆழ்ந்தால் மரம் புண்படும். மேலோடு நின்றால் பால் வடியாது. ‘கவிதை’ எனத் தலைப்பிட்டு, அந்தக் கையையும் கத்தியையும் மட்டும் மாணவர் காட்டினால் போதும். ‘கவிஞன் ஆழம் அறிதல் வேண்டும்’ என ஓரடி கூட்டினால் அது உபதேசம். அவ்வடியை நீக்கிப் படித்துப் பாருங்கள், பொருள் குறையாது.