நடுராத்திரி எச்சரிக்கை எந்த வழியில் போக வேண்டும்?

(தோட்டத் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிமார் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் ஒரு தலைவர் கேட்டார்: "சார், எல்லா டிவிசனுக்கும் வாட்ஸ்அப் குரூப் இருக்குதே, மண்சரிவு எச்சரிக்கைக்குன்னு தனியா எதுக்கு ஒரு ஏற்பாடு?" நியாயமான கேள்விதான். இன்றைக்கு அதை மட்டும் பேசுவோம்.

கொஸ்லாந்தை மீரியாபெத்தையில் மலை சரிந்தது 2014 ஒக்டோபர் 29 காலையில். நம்முடைய லயங்களிலும் பல, சரிவுக்குக் கீழேதான் நிற்கின்றன. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மழையை வைத்து மூன்று நிறத்தில் எச்சரிக்கை தருகிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டரைத் தாண்டினால் மஞ்சள், கவனமாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் செம்மஞ்சள், வெளியேறத் தயாராக இருக்க வேண்டும். 150ஐத் தாண்டினால் சிவப்பு, வெளியேற வேண்டும். இந்த மூன்றையும் ஒரே வழியில் அனுப்புவது சரியில்லை. மஞ்சளுக்கு நேரம் இருக்கிறது. சிவப்புக்கு இல்லை.

முதலில் வாட்ஸ்அப். அனுப்புகிற நமக்குச் செலவு இல்லாத மாதிரித் தெரியும். ஆனால் வாங்குகிறவர் டேட்டா போட்டிருக்க வேண்டும். சம்பளத்துக்கு முந்திய வாரத்தில் எத்தனை காம்பராவில் டேட்டா இருக்கும்? அடுத்தது, டச் போன் வேண்டும். நம்முடைய பெரியவர்கள் நிறையப் பேரிடம் இருப்பது பட்டன் போன். மூன்றாவது, குரூப்பை "மியூட்" பண்ணி வைத்தவர் சத்தம் கேட்டு எழும்ப மாட்டார். காலை வணக்கப் படங்கள் பத்து வருகிற குரூப்பை மியூட் பண்ணாமல் வேறென்ன செய்வார்?

குரூப் வேண்டாமென்று "புரோட்காஸ்ட்" பட்டியலில் அனுப்புகிற தலைவர்களுக்கு ஒன்று. உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுந்தான் அது போய்ச் சேரும். சேமிக்காதவருக்குப் போகாது, போகவில்லை என்று உங்களுக்குச் சொல்லவும் மாட்டாது. பக்கத்தில் ஒரு டிக் மட்டும் நிற்பதைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு டிக் விழுந்தால் போனுக்குப் போய்விட்டது, ஆனால் ஆள் பார்த்துவிட்டார் என்று அர்த்தமில்லை.

இருந்தாலும் மஞ்சளுக்கு வாட்ஸ்அப்பைத்தான் நான் சொல்வேன். மழைமானியைப் படம் எடுத்துப் போடலாம். வாசிக்கத் தெரியாதவருக்குக் குரலில் பேசி அனுப்பலாம்.

அடுத்தது புஷ். செயலி ஒன்றைப் போனில் ஏற்றி வைத்தால் அது திரையில் தானாகத் தள்ளிவிடுகிற அறிவிப்புத்தான் இது. ஒவ்வொரு செய்திக்கும் காசு இல்லை. ஆனால் இதற்கும் டேட்டாவும் டச் போனும் வேண்டும், செயலியை ஏற்றியிருக்க வேண்டும், அறிவிப்புக்கு அனுமதியும் கொடுத்திருக்க வேண்டும். இன்னொன்று இருக்கிறது. அன்ட்ரொய்ட் போனைத் தொடாமல் வைத்தால், பேட்டரியை மிச்சப்படுத்த அது உறங்கப் போய்விடும். அவசரம் என்று குறித்து அனுப்பாத அறிவிப்புகளைச் சேர்த்து வைத்துப் பிறகுதான் காட்டும். நமக்கு ஆபத்து வருவதே எல்லாரும் உறங்குகிற நேரத்தில். வானிலைச் செயலி வைத்திருக்கிற பிள்ளைகள் வைத்திருக்கட்டும், அதை நம்பி ஒரு லயத்தை உறங்க விட முடியாது.

ஈமெயிலை அவசரத்துக்கு யாரும் எண்ணவே வேண்டாம். ஆனால் "லயத்துக்கு மேலே நிலம் வெடித்திருக்கிறது, வந்து பாருங்கள்" என்று நிர்வாகத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் எழுதுவதை ஈமெயிலில் எழுதுங்கள். தேதியும் நேரமும் அதிலேயே நிற்கும். பிறகு யாரும் "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது.

இப்போது எஸ்எம்எஸ். பட்டன் போனுக்கும் போகும், டேட்டா வேண்டாம், காசு அனுப்புகிறவருக்குத்தான். சிக்னல் இல்லாத காம்பராவில் போன் கிடந்தால், கம்பெனியின் கணினி செய்தியைப் பிடித்து வைத்திருந்து, சிக்னல் கிடைத்ததும் தரும். வாங்குகிறவரின் கையில் காசு இருக்கிறதா என்பதைப் பார்க்காத வழி இது. அதனால் செம்மஞ்சளும் சிவப்பும் எஸ்எம்எஸ்ஸில் போக வேண்டும்.

ஆனால் எழுதுகிற விதம் இருக்கிறது. இங்கிலீஷ் எழுத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து இடம். தமிழில் 70தான். அதிலும் போன் எண்ணுகிற கணக்கு வேறு. "மண்" நமக்கு இரண்டெழுத்து. போனுக்கு ம ஒன்று, ண ஒன்று, மேலே வைக்கிற புள்ளி ஒன்று, ஆக மூன்று. 70ஐத் தாண்டினால் செய்தியை 67, 67 ஆக உடைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனிக்காசு எடுக்கும். துண்டுகள் ஒன்றாக வந்து சேராவிட்டால் வாசிக்கவும் தாமதமாகும்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஒரு டிவிசனில் மேல் லயத்தில் 20 வீடு, வீட்டுக்கு இரண்டு போன் என்று வைத்துக்கொள்வோம். 40 செய்தி. "மதிப்புக்குரிய தோட்ட மக்களுக்கு அன்பான வணக்கம்" என்று தொடங்கி மூன்று துண்டு எழுதினால் 120 செய்திக்கான காசு. அதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்:

"மண்சரிவு அபாயம். மேல் லயம் எல்லாரும் இப்போதே பள்ளிக்கு போங்க. -சங்கம்"

புள்ளி, இடைவெளி எல்லாம் சேர்த்து எண்ணினேன், 69. ஒரே துண்டு. என்ன ஆபத்து, யார், எப்போது, எங்கே, யார் சொல்வது என்ற ஐந்தும் அதில் இருக்கிறது. வணக்கத்தை விடியற்காலையில் பள்ளிக்கூடத்தில் வைத்துச் சொல்லிக்கொள்ளலாம். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தால் 160 கிடைக்குமே என்று இளைஞர்கள் சொல்வார்கள். கிடைக்கும், ஆனால் பாட்டியால் வாசிக்க முடியாது.

இந்தச் செய்தியை இன்றைக்கே அடித்து போனில் சேமித்து வையுங்கள். மழையில் நின்றுகொண்டு இருட்டில் தமிழ் தட்ட முடியாது. டச் போனில் பல நம்பரைச் சேர்த்து ஒரே தடவையில் அனுப்பினால், சில போன்கள் அதை எம்எம்எஸ் ஆக மாற்றிவிடும். அது டேட்டா கேட்கும், பட்டன் போனுக்குச் சரியாகப் போகாது. செட்டிங்கில் குரூப் மெசேஜை "ஒவ்வொருவருக்கும் தனி எஸ்எம்எஸ்" என்று மாற்றி வையுங்கள்.

எஸ்எம்எஸ்ஸுக்கும் எல்லை இருக்கிறது. "டிங்" என்று ஒரு தடவை அடித்துவிட்டு நின்றுவிடும், களைத்து உறங்குகிறவர் எழும்ப மாட்டார். அதனால் சிவப்பு என்றால் எஸ்எம்எஸ் போட்ட கையோடு கோல் எடுக்க வேண்டும். ஒரு தலைவர் 20 வீட்டுக்கும் எடுத்தால் நேரம் போய்விடும். அவர் நாலு பேருக்கு எடுக்கட்டும், அந்த நாலு பேரும் ஆளுக்கு ஐந்து வீட்டைப் பார்க்கட்டும். கரண்ட் போய் டவரின் பேட்டரியும் இறங்கிவிட்டால் எந்தப் போனும் இல்லை. அப்போது கோயில் மணியும் தப்பும்தான். அதற்கு யார் பொறுப்பு என்பதையும் பெயர் போட்டு முடிவு செய்யுங்கள். போன் வேலை செய்யும் வரைக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு ஒருவர் பேசட்டும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு கொப்பி வேண்டும். லயம் லயமாக நடந்து போய் எழுதுங்கள்: வீட்டு எண், நம்பர், பட்டனா டச்சா, ராத்திரியில் அந்தப் போன் யாரிடம் இருக்கிறது. கடைசிக் கேள்விதான் முக்கியம். வீட்டு நம்பர் என்று தருவது பல இடத்தில் கொழும்பில் வேலை செய்கிற மகனின் நம்பர். அவனுக்குச் செய்தி போய், அவன் திருப்பி எடுக்கும்போது அம்மாவிடம் போன் இல்லை. போனே இல்லாத வீட்டுக்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரரின் பெயரை எழுதுங்கள். அவர் போய்க் கதவைத் தட்டுவார்.

கொப்பி முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் "இது சோதனை" என்று எழுதி ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிப் பாருங்கள். மறுநாள் பிரட்டுக்களத்தில் ஒவ்வொருவரிடமும் வந்ததா, எத்தனை மணிக்கு வந்தது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, அடுத்த மாதக் கூட்டத்துக்கு அந்தக் கொப்பியோடு வாருங்கள்.